நிம்மதிக்கு என்ன வெளிச்சம்?

ஃபில்டர் காபித்தூள் விளம்பரம் ஒன்றுக்கு, "வேலைக்குப் போகும் 35 வயதுப் பெண்கள், உணர்ச்சி: நிம்மதி" என்று குறிப்பு வருவதாகக் கொள்வோம். இதை அப்படியே படம் உருவாக்கும் ஏஐ மாடலிடம் கொடுத்தால், பெரும்பாலும் டம்ளரைப் பிடித்தபடி பளிச்சென்று சிரிக்கும் ஒரு மாடல் அழகியே கிடைப்பாள். நிம்மதியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் அடையாளங்களைத்தான் பார்க்க முடியும்.

ஆகவே முதல் கேள்வி, அந்தப் பெண்ணுக்கு நிம்மதி எப்போது கிடைக்கிறது என்பதே. வீடு விழிப்பதற்கு முன், காலை ஐந்தரை மணிக்கு என்றால், மற்றவை தாமாக வரும்: ஜன்னலில் மங்கிய நீல வெளிச்சம், சமையல் மேடையில் மஞ்சள் விளக்கு, தளர்ந்த தோள்கள், டபராவில் எழும் ஆவி. அவள் யார் என்பதை, வயதைவிட நாற்காலியில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை தெளிவாகச் சொல்லும். வாசகத்தைப் பிறகு சேர்க்க, படத்தின் மேற்பகுதியை வெறுமையாக விடச் சொல்வது நல்லது.

"கூட்டம் வேண்டாம்" என்று எழுதினால் பல மாடல்கள் கூட்டத்தையே வரைந்துவிடும். "தனியாக" என்பதே பாதுகாப்பு. வந்த படத்தை, குறிப்பைப் படிக்காத ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் "சோகமாக இருக்கிறாள்" என்றால், நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கூட்ட வேண்டும்.