விடுப்புச் சீட்டில் "லீவு" என்று மட்டும் எழுதினால் போதுமா?



சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் முதல் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வரை நம் மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் சம்பள நாளன்று எழுகின்ற வழக்குகளில் பெரும்பாலானவை விடுப்பைப் பற்றியவையே. சிப்பந்தி "சம்பளத்தோடு லீவு கேட்டேன்" என்கிறார். முதலாளி "வராத நாளுக்கு ஏது சம்பளம்?" என்கிறார். சீட்டை எடுத்துப் பார்த்தால், "மூன்று நாள் லீவு வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது. எந்த விடுப்பு என்று கேட்டவரும் எழுதவில்லை, கொடுத்தவரும் எழுதவில்லை. சரக்கின் பெயர் இல்லாத பில்லை நாம் பேரேட்டில் ஏற்ற மாட்டோம். விடுப்புச் சீட்டும் அப்படித்தான். பெயர் இருந்தால்தான் எந்தக் கணக்கில் பற்று எழுதுவது என்று தெரியும்.

கடைச் சிப்பந்திகளின் விடுப்பை வகுத்துச் சொல்வது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 25ஆம் பிரிவு மூன்று தனித்தனிக் கணக்குகளைத் திறக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 12 நாள். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஆனால் மூன்றும் நடந்துகொள்ளும் விதம் வேறு.

முதலாவது தற்செயல் விடுப்பு. நாம் சி.எல். என்று சொல்வது. நியாயமான எந்தக் காரணத்துக்கும் இதைக் கேட்கலாம். உறவில் ஒரு துக்கம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது என்று எதுவானாலும் சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இந்த உரிமை உண்டு. ஆனால் அந்த ஆண்டுக்குள் எடுக்காமல் விட்டது அடுத்த ஆண்டுக்கு வராது.

இரண்டாவது நோய் விடுப்பு. உடல்நலக் குறைவுக்கும் விபத்தில் பட்ட காயத்துக்கும் மட்டுமே உரியது. இதுவும் முதல் ஆண்டிலிருந்தே உண்டு. இதுவும் சேர்த்து வைக்க முடியாதது. இரண்டு நாளுக்கு மேல் போனால் மருத்துவர் சான்று கேட்பது பல கடைகளில் வழக்கம். அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தால் அதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது ஈட்டிய விடுப்பு, அதாவது இ.எல். சட்டம் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்றே சொல்கிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்த பிறகுதான் இது கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. எடுக்காத நாள்களை 24 வரை சேர்த்து வைக்கலாம். அதனால் இது முதலீடு போன்றது. கவனமில்லாமல் ஒரு காய்ச்சலுக்கு இதிலிருந்து பற்று எழுதிவிட்டால், சேர்த்து வைக்கக்கூடிய நாள்கள் கரைந்துபோகும். ஆண்டு முடிவில் காலாவதியாகப் போகிற நோய் விடுப்பு சும்மா கிடக்கும்.

நான்காவதாக நாம் சொல்லும் சம்பளமில்லா விடுப்பு, அதாவது எல்.ஓ.பி., இந்த மூன்றைப் போன்ற கணக்கு அல்ல. மற்றவற்றில் இருப்பு தீர்ந்த பிறகு, முதலாளியின் சம்மதத்தோடு எடுக்கும் நாள் அது. இருப்பு உள்ளபோது சிப்பந்தி நியாயமான காரணம் சொல்லிக் கேட்டிருந்தால், பெயர் எழுதவில்லை என்பதற்காக அதைச் சம்பளமில்லா விடுப்பாக்குவது முறையாகாது. வார ஓய்வு நாளும், ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய விடுமுறைகளும், ஐந்து பண்டிகை விடுமுறைகளும் இந்த நான்கு கணக்கிலும் சேராதவை. அவை தனி உரிமை.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு மண்டியில் சரக்குக் கட்டும் சிப்பந்தி 2023 ஜூலை 1 அன்று வேலைக்குச் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் ரூ.15,600. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டால் ஒரு நாளுக்கு ரூ.600. அவருடைய ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. கணக்கு சேர்ந்த தேதியிலிருந்துதான் ஓடும், ஜனவரியிலிருந்து அல்ல.

முதல் ஆண்டில் அவர் 9 நாள் தற்செயல், 5 நாள் நோய் விடுப்பு எடுத்தார். மீதி 3 தற்செயலும் 7 நோய் விடுப்பும் 2024 ஜூன் 30 அன்று காலாவதி. ஜூலை 1 அன்று தற்செயல் 12, நோய் 12 புதிதாக வரவு. ஓராண்டு நிறைந்ததால் ஈட்டிய விடுப்பும் 12 வரவு.

ஆகஸ்டில் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு 2 நாள் தற்செயல். மீதி 10. நவம்பரில் காய்ச்சல், 6 நாள் நோய் விடுப்பு. மீதி 6. தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு 10 நாள் ஈட்டிய விடுப்பு. மீதி 2.

மே மாதம் மஞ்சள் காமாலை. 9 நாள் வர முடியவில்லை. இங்கேதான் பெயரின் அருமை தெரியும். சீட்டில் "உடம்பு சரியில்லை, லீவு வேண்டும்" என்று மட்டும் இருந்து, கணக்குப்பிள்ளை அதை வராத நாள் என்று எழுதினால் பிடித்தம் ரூ.5,400. அதே சீட்டில் "6 நாள் நோய் விடுப்பு, 3 நாள் தற்செயல் விடுப்பு" என்று எழுதியிருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் இல்லை. நோயும் ஒன்றே, நாளும் ஒன்றே. எழுத்துதான் வேறு.

ஜூன் மாதம் வீட்டுக்குத் தளம் போட 12 நாள் கேட்கிறார். இருப்பு தற்செயல் 7, ஈட்டியது 2. இரண்டையும் எடுத்தால் 3 நாள் சம்பளமில்லா விடுப்பு; பிடித்தம் ரூ.1,800. ஈட்டிய 2 நாளைத் தொடாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் 5 நாள் சம்பளமில்லாதது, பிடித்தம் ரூ.3,000. ஆனால் ஜூலையில் அவர் கணக்கில் 12க்குப் பதில் 14 நாள் இருக்கும். எது வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானித்து எழுத வேண்டும். தற்செயல் 7ஐ முதலில் எடுப்பதில் மட்டும் இரண்டாம் யோசனை வேண்டாம். ஜூன் 30க்குப் பிறகு அது இல்லை.

பிடித்தம் செய்யும்போது ஒரு தவறு நேர்வதுண்டு. சம்பளத்தை 26ஆல் வகுத்து ஒரு நாள் தொகை கண்டுபிடித்துவிட்டு, விடுப்பை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பிடிப்பார்கள். ரூ.600 என்பது வேலை நாளுக்கான தொகை. ஓய்வு நாளுக்கும் சேர்த்துப் பிடித்தால் வராத நாளுக்கு உரியதைவிட அதிகம் பிடித்ததாகிவிடும்.

இ.எஸ்.ஐ. உள்ள கடைகளில் பெயர் இன்னும் முக்கியம். நீண்ட நோய்க்கு இ.எஸ்.ஐ. ஆண்டில் 91 நாள் வரை, சராசரி நாள் சம்பளத்தில் 70 விழுக்காடு தருகிறது. ஆனால் சம்பளத்துடன் விடுப்பில் இருக்கும் அதே நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. எனவே எந்த நாள்கள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, எந்த நாள்கள் சம்பளமில்லாதவை என்று தேதி வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். எல்லாவற்றையும் "மெடிக்கல் லீவு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேள்வி வரும்; சிப்பந்தி அலைய நேரும்.

வேலையை விட்டுப் போகும் நாளிலும் இந்தச் சீட்டுகள் பேசும். ஈட்டிய விடுப்பு பாக்கி இருக்கும் சிப்பந்தியை முதலாளி விலக்கினால், அந்த நாள்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அவராகவே விலகினால், ஈட்டிய விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் பணம் உண்டு. தீபாவளிச் சரக்கு ஏறும் வாரத்தில் விடுப்பு மறுப்பது நமக்கு வழக்கமே. "ஈட்டிய விடுப்பு 5 நாள் கேட்டார், வேலை மிகுதியால் தரவில்லை" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டால், பின்னாளில் கேட்டது எந்த விடுப்பு, மறுத்தது எத்தனை நாள் என்ற வாதத்துக்கே இடமில்லை. சிப்பந்திக்கு அது அத்தாட்சி. முதலாளிக்கு, கேட்காத நாளுக்கும் பணம் கேட்கப்படாமல் காப்பு.

சீட்டு இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, மஞ்சள் காமாலை காரணமாக மே 5 முதல் 10 வரை 6 நாள் நோய் விடுப்பும், மே 12 முதல் 14 வரை 3 நாள் தற்செயல் விடுப்பும் வேண்டுகிறேன். மருத்துவர் சான்று இணைத்துள்ளேன். மே 11 ஞாயிறு வார ஓய்வு."

அடியில் முதலாளி "அனுமதி" என்று எழுதி, தற்செயல், நோய், ஈட்டியது மூன்றிலும் உள்ள மீதியைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இந்தச் சீட்டில் அது தற்செயல் 7, நோய் இல்லை, ஈட்டியது 2. சீட்டின் நகல் ஒன்று சிப்பந்தியிடம் இருக்கட்டும்.

10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் பெரிய கடைகளும் மண்டிகளும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஆண்டில் 180 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு என்ற கணக்கு உள்ளது. அந்த அளவுள்ள கடைக்காரர்கள் ஈட்டிய விடுப்புப் பக்கத்தைத் தங்கள் கணக்கரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே சேர்ந்த தேதியை எழுதி, மூன்று பத்திகள் கோடு போட்டால் விடுப்புப் பேரேடு தயார். நான்காவது பத்தியில் சம்பளமில்லா நாள்களைக் குறிக்கலாம். சம்பளம் போடும் முன் இந்தப் பக்கத்தைச் சிப்பந்தியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால், சம்பள நாளன்று கல்லாவில் நின்று வழக்காட வேண்டியிராது.