பாதி உள்ளே, பாதி வெளியே

காரின் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஓர் ஓசை மட்டும் வருகிறது; எஞ்சின் சுழலவில்லை. மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார், பேட்டரியில் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. பிறகு ஏன் இழுக்கவில்லை? காரணம் பெரும்பாலும் பேட்டரிக்குள் ஒளிந்திருக்கும் மின்தடை. பேட்டரி பழசாகப் பழசாக இந்த அகமின்தடை ஏறிக்கொண்டே போகும். பேட்டரியிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு திறனை வெளியே எடுக்க முடியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

சின்ன அளவில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு பென்சில் செல்களை வரிசையாக இணைத்தால் 6 வோல்ட். அதனுடன் 5 ஓம் மின்தடை ஒன்றை இணைத்ததும் மீட்டர் 5 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர். காணாமல் போன 1 வோல்ட் செல்களுக்குள்ளேயே விழுந்திருக்கிறது. ஆகவே நான்கு செல்களின் அகமின்தடை மொத்தம் 1 ஓம்.

வெளியே கிடைத்த திறன் 5 வாட். இன்னும் வேண்டும் என்றால் மின்தடையைக் குறைக்கலாம், மின்னோட்டம் கூடும். 2 ஓம் வைத்தால் 8 வாட் கிடைக்கிறது. 1 ஓம் வைத்தால் 9 வாட். அதே உற்சாகத்தில் அரை ஓமுக்கு இறங்கினால் திறன் மறுபடி 8 வாட்டுக்கு வந்துவிடுகிறது, 0.2 ஓமில் வெறும் 5 வாட். மின்னோட்டம் கூடிக்கொண்டேதான் போனது, ஆனால் சுமைக்குக் கிடைக்கும் வோல்ட் அதைவிட வேகமாகச் சரிந்துவிட்டது.

உச்சம் சரியாக எங்கே என்பதை வகைக்கெழு சொல்லிவிடும். மின்னியக்கு விசை E, அகமின்தடை r, சுமையின் மின்தடை R என்றால், மின்னோட்டம் E/(R + r). அதன் வர்க்கத்தை R ஆல் பெருக்கினால் சுமைக்குப் போகும் திறன்:

P = E²R/(R + r)²

R மட்டும் மாறுகிறது என்று கொண்டு, வகுத்தல் விதிப்படி வகையிட்டுச் சுருக்கினால் கிடைப்பது:

dP/dR = E²(r − R)/(R + r)³

கீழே இருப்பது எப்போதும் நேர்மதிப்பு. எனவே குறியைத் தீர்மானிப்பது r − R தான். R சிறியதாக இருக்கும்வரை திறன் ஏறுகிறது, r-ஐத் தாண்டியதும் இறங்குகிறது. R = r ஆகும்போது உச்சம்; அந்த உச்சத்தின் அளவு E²/4r. நம் செல்களுக்கு 36/4, அதாவது 9 வாட்.

இப்போது காருக்குத் திரும்பலாம். நல்ல பேட்டரியின் அகமின்தடை 0.01 ஓம் என்றால் உச்சத் திறன் 144/0.04, அதாவது 3600 வாட். அது 0.04 ஓமாக ஏறிவிட்டால் உச்சம் 900 வாட்தான். சிறிய காரின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே ஏறத்தாழ ஒரு கிலோவாட் தேவைப்படும். சுமை இல்லாமல் அளக்கும்போது மின்னோட்டம் ஓடாததால் அகமின்தடையில் எதுவும் விழுவதில்லை. மீட்டர் 12-ஐக் காட்டுகிறது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். அப்போது வோல்ட் 6-ஐ நெருங்கினால், பேட்டரி தன் உச்சத்தையே கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் அதனிடம் இல்லை.

உச்சத்துக்கு ஒரு விலை உண்டு. R = r என்றால் உள்ளேயும் அதே அளவு திறன் வெப்பமாகிறது: செல்களில் 9 வாட் வெளியே, 9 வாட் உள்ளே. செல்கள் சூடாகும், வெகுநேரம் தாங்கா. 5 ஓமில் கிடைப்பது 5 வாட்தான் என்றாலும் ஆறில் ஐந்து பங்கு ஆற்றல் சுமைக்குப் போய்ச் சேருகிறது. டார்ச் லைட் செய்பவர் அதைத்தான் விரும்புவார்.

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பியவர்கள் உண்டு. 1838-இல் நேவா ஆற்றில் மின்மோட்டாரால் படகு ஓட்டிக் காட்டிய மோரிட்ஸ் யாக்கோபியின் பெயரால் இந்த விதி வழங்குகிறது. டைனமோவின் அகமின்தடையும் வெளிச்சுமையும் சமமாக இருப்பதே சிறந்தது, எனவே பாதி ஆற்றல் வீணாவதைத் தவிர்க்க முடியாது என்று பொறியாளர்கள் பலர் பின்னர் நம்பினார்கள். எடிசனும் அவருடன் பணியாற்றிய கணித வல்லுநர் பிரான்சிஸ் அப்டனும் 1879-ஐ ஒட்டி அகமின்தடை மிகக் குறைந்த டைனமோவை உருவாக்கி அதை உடைத்தார்கள்.

கணக்கில் பிழை இல்லை. எது நம் கையில் இருக்கிறது என்பதில்தான் கோளாறு. சுமையை நிலையாக வைத்து r-ஐ மாற்ற முடிந்தால், வகைக்கெழு −2E²R/(R + r)³ ஆகிறது. அது எந்த இடத்திலும் சுழியாவதில்லை, எப்போதும் எதிர்மதிப்பு. r-ஐக் குறைக்கக் குறைக்கத் திறனும் கூடும், வீணும் குறையும்.

E-யும் r-உம் மாறாமல் இருந்தால் மட்டுமே இந்தச் சூத்திரம் பொருந்தும். சோலார் பேனலில் அப்படி இல்லை; அதன் உச்சத் திறன் பாதி வோல்ட்டில் கிடைப்பதில்லை, திறந்த சுற்று வோல்ட்டில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் கிடைக்கிறது. வெயிலுக்கேற்ப அந்தப் புள்ளியும் நகர்வதால், பேனலுடன் இணைக்கும் நவீனக் கருவிகள் வோல்ட்டைச் சற்று ஏற்றியும் இறக்கியும் பார்த்து, திறன் கூடும் பக்கமாக ஓயாமல் நகர்கின்றன.