குழம்பு வற்றியதா, பருப்பு கூடியதா?

"ரத்தம் நிறைய இருந்தா நல்லதுதானே டாக்டர்?" ஹீமோகுளோபின் 18.4 என்று வந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலர் இப்படிக் கேட்கிறார்கள். ஆண்களுக்கு 16.5-ஐயும் பெண்களுக்கு 16-ஐயும் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். ரத்தம் தடித்தால் மூளையிலோ இதயத்திலோ உறைந்து அடைத்துக்கொள்ளலாம்.

சாம்பார் கெட்டியாக இரண்டு வழி உண்டு. பருப்பைக் கூடுதலாகப் போட்டிருக்கலாம். அல்லது தண்ணீர் வற்றியிருக்கலாம். ரத்தமும் அப்படித்தான். வயிற்றுப்போக்கு, கடும் வெயில், சிறுநீர் பெருக்கும் பிரஷர் மாத்திரை ஆகியவற்றால் நீர்ப்பகுதி குறைந்தால், சிவப்பணுக்கள் கூடாமலே எண் ஏறிவிடும். இது போலி மிகுதி. அணுக்களே பெருகினால்தான் உண்மையான மிகுதி.

57 வயது மளிகைக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹிமட்டோகிரிட் அவருக்கு 55 சதவீதம். பிரஷர் மாத்திரையை மருத்துவரே மாற்றிக்கொடுத்து, சில வாரம் கழித்துப் பார்த்தபோதும் 54. வற்றல் இல்லை என்று தெரிந்தது. அடுத்து, உடல் ஆக்சிஜனுக்கு ஏங்குகிறதா? புகைப்பழக்கம், நுரையீரல் நோய், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது போன்றவை இருந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து, சிவப்பணு உற்பத்தியை முடுக்கும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும்கூட ஏறியிருந்தன. மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. "குளிச்சிட்டு வந்தா உடம்பெல்லாம் அரிக்குதா?" என்று மருத்துவர் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம். அந்த அரிப்பை அவர் சோப்பின் மேல் போட்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் ஜாக்-2 பரிசோதனை வருகிறது. எரித்ரோபாய்டின் வந்து தட்டும்போது மட்டும் 'சிவப்பணு செய்' என்ற கட்டளையை அணுவுக்குள் கடத்தும் சுவிட்ச்தான் ஜாக்-2 புரதம். அதில் 617-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறிப்போனால், யாரும் தட்டாமலே சுவிட்ச் எரிந்துகொண்டே இருக்கும். ரிப்போர்ட்டில் இதை JAK2 V617F என்று அச்சிடுவார்கள். 2005-இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம், பாலிசைத்தீமியா வேரா நோயாளிகள் 100 பேரில் சுமார் 95 பேரிடம் இருக்கிறது. கையில் எடுக்கும் சாதாரண ரத்தமே போதும். இது பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் நேர்ந்த மாற்றம். பிள்ளைகளுக்குப் போகுமோ என்ற பயம் பொதுவாகத் தேவையில்லை.

ஆனாலும் பாசிட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லால் முடிவு கட்டக் கூடாது. தட்டணுக்கள் பெருகும் நோயிலும், மஜ்ஜை நாராகும் நோயிலும் இதே மாற்றம் வரும். அதனால் மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படலாம். நெகட்டிவ் என்று வந்தும் எரித்ரோபாய்டின் குறைவாக இருந்தால், அதே மரபணுவின் எக்ஸான் 12 பகுதியையும் பார்க்க வேண்டும்.

கடைக்காரருக்குப் பாசிட்டிவ், எரித்ரோபாய்டின் குறைவு, மஜ்ஜையும் அதையே சொன்னது. ஹிமட்டோகிரிட் 45-க்குக் கீழே வரும்வரை விட்டுவிட்டு ரத்தம் எடுத்தார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். ரத்தம் எடுக்க எடுக்க இரும்புச்சத்து குறையும். சிவப்பணு உற்பத்திக்குக் கடிவாளம் போடுவதே அந்தக் குறைவுதான். அதைப் பார்த்துப் பயந்து, மருத்துவரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.