ஆன்லைனில் எதை விற்கலாம்? ரெபரல் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி ஆன்லைனில் விற்கத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்து, "தம்பி, டிராவல் பேக்தான் நிறைய போகுது. ஆனா கையில ஒண்ணும் நிக்கலையே?" என்று கேட்டார். அவர் கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்து பார்த்தேன். காரணம் ரெபரல் கட்டணம்.

ஒவ்வொரு விற்பனைக்கும் தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷன்தான் இது. பொருளின் வகையைப் பொறுத்து சதவீதம் மாறும். இது உங்கள் லாபத்தில் அல்ல, வாடிக்கையாளர் தரும் முழு விலையில் கணக்கிடப்படுகிறது. புதியவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பேக், டிரில் மெஷின் இரண்டும் 1,500 ரூபாய்க்கு விற்கின்றன. கொள்முதல், பேக்கிங், பொருளுக்கான வரி எல்லாம் சேர்த்து பேக்கின் அடக்கம் 1,050 ரூபாய். டிரில்லின் அடக்கம் 1,150 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் பேக்கில்தான் 100 ரூபாய் கூடுதல் லாபம்.

இப்போது பேக் வகைக்கு 18 சதவீதம், டிரில் வகைக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கூரியர் முதலான மற்ற கட்டணங்கள் இரண்டுக்கும் 120 ரூபாய். பேக்கில் 270 ரூபாய் கமிஷன் போய், மிஞ்சுவது வெறும் 60 ரூபாய். டிரில்லில் கமிஷன் 90 ரூபாய்தான். மிஞ்சுவது 140 ரூபாய். பேக்கிலும் அதே 140 கிடைக்க வேண்டுமானால் அதைக் குறைந்தது 1,598 ரூபாய்க்காவது விற்க வேண்டும். (கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பதிவு செய்த விற்பனையாளர் அதைப் பொதுவாகத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் இங்கே சேர்க்கவில்லை.)

விலை வரம்பையும் கவனியுங்கள். அமேசான் இந்தியா 2025 ஏப்ரல் 7 முதல், 135-க்கும் மேற்பட்ட வகைகளில் 300 ரூபாய்க்குக் குறைவான பொருட்களுக்கு இக்கட்டணத்தை நீக்கியது. இப்படி ஒரு வரம்பு இருக்கும்போது, அதைத் தாண்டினால் முழு விலைக்கும் கமிஷன் விழும். 15 சதவீத வகையில் 310 ரூபாய்ப் பொருளுக்கு 46.50 போக 263.50 ரூபாய்தான் வரும். அதையே 299 ரூபாய்க்கு விற்றால் 299 ரூபாயும் வரும். விலையைக் குறைத்தால்தான் இங்கே வருமானம் கூடும்!

இந்த விகிதங்களும் வரம்புகளும் அடிக்கடி மாறுபவை. எனவே பொருளைப் பட்டியலிடும் முன், தளத்தின் கட்டண அட்டவணையில் உங்கள் வகையைத் தேடிப் பாருங்கள். முதல் ஆர்டர் முடிந்ததும், வந்த பணத்தின் விவரத்தைத் திறந்து, பிடித்த கமிஷனை விலையால் வகுத்துப் பாருங்கள். அட்டவணைச் சதவீதம் வரவில்லை என்றால், பொருள் வேறு வகையில் சேர்ந்திருக்கலாம். உடனே திருத்தக் கோருங்கள்.

அண்ணன் பேக்கை நிறுத்திவிட்டார். இப்போது டிரில் மெஷினுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.