டியூஷன் வகுப்புக்கு ஓர் அணில்: சுவரொட்டியிலும் காணொலியிலும் ஸ்டிக்கரிலும் ஒரே முகம்

பள்ளித் தவணை தொடங்கும் வேளையில் தாமான் சாப்பாட்டுக்கடைச் சுவர்களில் டியூஷன் சுவரொட்டிகள் வரிசையாக ஏறிவிடும். ஒரே வகுப்பின் சுவரொட்டியில் கண்ணாடி போட்ட ஆந்தை இருக்கும். புலனத்தில் அனுப்பும் காணொலியில் வேறோர் ஆந்தை. பிள்ளையின் நோட்டில் ஒட்டும் ஸ்டிக்கரிலோ ஒரு கரடி. மூன்றும் ஒரே ஆசிரியருடையவை என்பது பெற்றோருக்குத் தெரியாது. அச்சுக்குக் கொடுத்த பணத்தில் பாதி அங்கேயே வீணாகிறது.

2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியின் ரீமாவ் புலியைப் போல, ஒரு வகுப்புக்கும் ஓர் அடையாள உருவம் இருக்கலாம். அழகான படம் வரைவது இதில் சிரமமான பகுதி இல்லை. அந்தப் படம் எங்கே போனாலும் மாறாமல் இருக்கச் செய்வதுதான் சிரமம். அதற்கு ஓர் அணிலை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், ஆந்தை ஏன் வேண்டாம்? ஆங்கிலப் புத்தகங்களில் அது அறிவின் சின்னம். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கோ வாசலில் ஆந்தை உட்கார்ந்தால் ஆகாது. அணிலுக்கு அந்தத் தடை இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும் தெரிந்த பிராணி அது. ஆனால் எந்த அணில்? பாடப்புத்தகப் படங்களில் வரும் முதுகில் மூன்று கோடு போட்ட அணில் இந்தியாவினுடையது. அதை முன்பக்கமாக வரைந்தால் கோடுகள் மறைந்து, எலி போலத் தெரியும். நம் தோட்டங்களிலும் வாழை மரங்களிலும் ஓடும் அணிலுக்கு வயிறு செம்பழுப்பாக இருக்கும். அந்த நிறத்தைச் சற்றுத் தூக்கி ஆரஞ்சாக்கினால், முன்பக்கம் பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆகவே பழுப்பு உடல், ஆரஞ்சு வயிறு, கரும்பழுப்பு வெளிக்கோடு என மூன்றே நிறங்கள் போதும். வால் கேள்விக்குறி போல வளைந்து நிற்கட்டும்.

இரண்டாவது, மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்குங்கள். பலர் சுவரொட்டிக்குப் பெரிதாக வரைந்துவிட்டு, பிறகு அதை ஸ்டிக்கருக்குச் சுருக்குகிறார்கள். அங்கேதான் மீசையும் விரல்களும் காணாமல் போகின்றன. நோட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் சுமார் 2.5 செண்டிமீட்டர். நீங்கள் 25 செண்டிமீட்டர் உயரத்தில் வரைந்தால் படம் பத்து மடங்கு சுருங்கும். 1 மில்லிமீட்டர் கோடு 0.1 மில்லிமீட்டராகி மங்கிவிடும். 4 மில்லிமீட்டரில் வரைந்த கோடு 0.4 மில்லிமீட்டராக நிற்கும். எனவே அந்த அளவை விட மெல்லிய கோடு ஒன்றுகூட வேண்டாம். வரைந்ததைச் சிறிதாக அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு முழு உருவத்தையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். வாலையும் காதுகளையும் வைத்தே அணில் என்று தெரிந்தால் உருவம் சரி.

மூன்றாவது, ஒரு தாளில் சட்டத்தை எழுதிவையுங்கள். ஓவியர் மாறலாம், அச்சகம் மாறலாம். இந்தத் தாள் மாறக்கூடாது. அதில் அணிலை முன்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம் என மூன்று நிலைகளில் வரையுங்கள். மொத்த உயரம் இரண்டு தலை. கண்கள் தலையின் நடுக்கோட்டில். வால் நுனி காதின் உயரத்தைத் தாண்டக்கூடாது. மகிழ்ச்சி, யோசனை, வியப்பு, தவறு செய்த வருத்தம் என நான்கு முகபாவங்கள் போதும். அவற்றில் புருவமும் வாயும் மட்டுமே மாறட்டும். கண்ணின் அளவை மாற்றினால் அது வேறு அணிலாகிவிடும்.

இடப்பக்கத்தையும் தனியாக வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவரொட்டியில் அணில் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்றால், வடிவமைப்பவர் படத்தைக் கண்ணாடிபோல் புரட்டிப் போடுவார். அப்போது கேள்விக்குறி வால் எதிர்ப் பக்கமாகத் திரும்பும். சட்டையில் ‘அ’ எழுதியிருந்தால் அதுவும் இடவலம் மாறிப்போகும். எழுத்துப் படிக்க வரும் பிள்ளைக்கு அது தவறான பாடம். ‘படத்தைப் புரட்டக்கூடாது’ என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

நிறத்தையும் பெயரால் அல்ல, எண்ணால் குறியுங்கள். கைப்பேசித் திரைக்கு ஆரஞ்சு #F28C28 என்றால், நான்கு மையில் அச்சிடும் அச்சகத்துக்கு அதற்கு நெருக்கமானது 0-53-90-0. திரையில் ஒளியால் தெரியும் ஆரஞ்சு, காகிதத்தில் சற்று மங்கலாகத்தான் வரும். அதனால் 500 தாள் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு தாளை அடித்துக் காட்டச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இனி மூன்று இடங்களுக்கும் போவோம். சுவரொட்டிக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத .svg கோப்பு தேவை. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அதை உருவாக்கலாம். வேறொருவர் வரைந்து தந்தால், படத்தோடு இந்த மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பியதை அச்சகத்துக்குக் கொடுத்தால் ஓரம் மங்கும், சுற்றிலும் வெள்ளைப் பெட்டி வரும். புலனத்திலேயே அனுப்ப வேண்டுமானால் ஆவணமாக அனுப்புங்கள்.

காணொலிக்கு அணிலை ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டாம். தாளில் உள்ள உருவத்தையே தலை, உடல், இரு கைகள், வால் எனப் பிரித்து, பின்னணி இல்லாத .png கோப்புகளாக வையுங்கள். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதாகத் திறந்த வாய் என மூன்று வாய்கள் இருந்தால், மாற்றி மாற்றிப் போட்டு அணிலைப் பேசவைக்கலாம். குரலையும் ஒருவரே கொடுக்கட்டும். அதிலும் முகத்தைப் போலவே பிள்ளைகள் மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஸ்டிக்கர் இரண்டு வகை. காகித ஸ்டிக்கரை வெட்டும்போது கத்தி சற்று விலகும். அதனால் உருவத்தைச் சுற்றி 2 மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு விடுங்கள். புலன ஸ்டிக்கர் 512 × 512 பிக்சல் அளவில், பின்னணி இல்லாமல், 100 KB-க்குள் இருக்க வேண்டும். ஒரு தொகுப்பில் குறைந்தது மூன்று தேவை; நம் நான்கு முகபாவங்களே அதற்குப் போதும். இதற்கும் வெள்ளை விளிம்பு வேண்டும், இல்லாவிட்டால் இருண்ட பின்னணியில் கரும்பழுப்புக் கோடு மறைந்துபோகும். அதே விளிம்பைச் சுவரொட்டியிலும் காணொலியிலும் வைத்துவிட்டால் மூன்றும் ஒரே குடும்பமாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. சுவரொட்டியிலிருந்து ஒன்று, காணொலியிலிருந்து நிறுத்திய படம் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று என மூன்று அணில்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, பாதி ஒளிபுகும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கண்கள் ஒரே கோட்டில் பொருந்த வேண்டும், வயிற்றின் ஓரம் இரட்டையாகத் தெரியக்கூடாது. பிறகு மூன்றையும் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் காட்டி, “இது யாரு?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அச்சகத்துக்குப் பணம் கட்டலாம்.