பிடிக்கிறதா, நம்புகிறார்களா, புதிதா? சரக்கு வருவதற்கு முன்பே கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

புதுச்சேரியில் ஒருவர் நலங்கு மாவை புது பிராண்டாகக் கொண்டுவர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சோப்பைப் போல நுரைக்கும், தோலை வறளவிடாது, ஒரு குளியலுக்கான பாக்கெட் 10 ரூபாய் என்பது அவர் யோசனை. அரைக்கும் இயந்திரத்துக்கும் பாக்கெட் அச்சுக்கும் பணம் போடுவதற்கு முன், இந்த யோசனையை மட்டும் வாங்குவோரிடம் காட்டி எடைபோடலாம். இதைத்தான் சந்தை ஆய்வாளர்கள் ‘கான்செப்ட் டெஸ்ட்’ என்கிறார்கள்.

இதற்கு வேண்டியது ஒரே ஒரு அட்டை. வாங்குபவரின் குறை, நாம் தரும் பலன், அதை நம்புவதற்கான காரணம், விலை ஆகிய நான்கும் அதில் எளிய பேச்சில் இருக்க வேண்டும். ‘சோப்பு போட்டால் தோல் வறண்டு போகிறது. இந்த நலங்கு மாவு நுரைக்கும், ஆனால் வறளவிடாது. ஒரு பாக்கெட் 10 ரூபாய்’ என்று எழுதினால் நம்புவதற்கான காரணம் விடுபட்டுப் போகிறது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது அட்டை ஒன்றை எழுதி, அதில் ‘நுரை வருவது பூந்திக்கொட்டையால்’ என்ற வரியையும் சேர்க்கிறார்.

யாரிடம் கேட்பது?

சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் கேட்டுப் பயனில்லை. மனம் நோகாமல் பேசுவார்கள். முதலியார்பேட்டை, லாஸ்பேட்டை, வில்லியனூர் எனப் பல பகுதிகளில், குளியல் சாமான்களைத் தாங்களே வாங்கும் பெண்களைத் தேட வேண்டும். அட்டைக்கு 100 பேராவது வேண்டும். ஒருவருக்கு ஒரு அட்டைதான். இரண்டையும் காட்டினால் அவர் ஒப்பிடத் தொடங்கிவிடுவார். கடையில் ஒரே பொருளின் இரண்டு விளக்கங்களை யாரும் நின்று ஒப்பிடுவதில்லை.

முதலில், என்ன புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று கேள்விகள்: வாங்குவீர்களா? சொல்வதை நம்புகிறீர்களா? இப்போது கிடைப்பவற்றிலிருந்து இது வேறுபட்டதா? ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி விடை. ‘வாங்கலாம்’ என்பது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. ‘கண்டிப்பாக வாங்குவேன்’ என்றவர்களைத் தனியே எண்ணுவதே பாதுகாப்பானது. கடைசியாக, ‘ஏன்?’ என்று கேட்டு, பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றையும் சேர்த்துப் படிப்பது

மூன்று மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி போடக் கூடாது. புதிது என்று எல்லோரும் சொல்லி, வாங்க யாரும் விரும்பாவிட்டால் யோசனையைக் கைவிடலாம். பிடித்திருக்கிறது, நம்புகிறார்கள், ஆனால் புதிதாக எதுவும் இல்லை என்றால், இப்போது வாங்குவதை விட்டு இதற்கு மாற அவர்களுக்குக் காரணம் இல்லை.

மிகவும் கவனிக்க வேண்டியது மூன்றாவது நிலை: பிடிக்கிறது, ஆனால் நம்பவில்லை. ‘மாவு எப்படிம்மா நுரைக்கும்?’ என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தால், மக்கள் பொருளை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆதாரம் கேட்கிறார்கள் என்று பொருள். முதல் அட்டையை 100 பேரில் 35 பேரும், பூந்திக்கொட்டை வரி உள்ள அட்டையை 60 பேரும் நம்பினால் குறை காரணம் சொல்லாததில்தான் இருந்தது என்று சொல்லலாம். 35-க்கு எதிராக 41 என்று வந்தால் அதை வெற்றியாகக் கொள்ளக் கூடாது. நூறு நூறு பேரிடம் கேட்கும்போது, தற்செயலாகவே பத்துப் பன்னிரண்டு புள்ளி ஏறி இறங்கும்.

எழுத்து போதாதபோது ஆதாரத்தைக் கண்ணில் காட்ட வேண்டும். அதற்குப் பக்கத்து ஊரான கடலூரிலேயே சான்று உண்டு. சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் தொடங்கி விற்ற ‘சிக்’ ஷாம்பு, பின்னாளில் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. தலைக்கு ஷாம்பு போட்டுப் பழகாத கிராமங்களில் ஒரு சிறுவனின் தலையை எல்லோர் முன்னிலும் அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சந்தேகம் இருந்த இடத்திலேயே விடை கிடைத்தது. பிறகு எந்த ஷாம்புவின் ஐந்து காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்கள். இது வேறு பிராண்டு வாங்கியவர்களை மாற்றிப் பார்க்க வைத்த உத்தி.

அட்டை சொல்லாதது

அட்டை அளப்பது வாக்குறுதியை மட்டுமே. முதல் பாக்கெட்டை வாங்குவார்களா என்பது அதில் தெரியும். இரண்டாவதை வாங்குவார்களா என்பதை மாவுதான் முடிவு செய்யும். அதற்கு மாவைக் கொடுத்து, சில வாரம் பயன்படுத்தச் சொல்லித் தனியே கேட்க வேண்டும். சொன்ன எண்ணிக்கை அப்படியே விற்பனையாகவும் மாறாது. அதனால் நன்றாக விற்கும் ஒரு குளியல் பொடியைப் பெயர் போடாமல் இதே மாதிரி அட்டையாக எழுதி, வேறு 100 பேரிடம் காட்டலாம். புதிய யோசனை அதைத் தெளிவாக முந்துகிறதா என்பதே அளவுகோல்.

எவ்வளவு முந்தினால் பணம் போடுவது என்பதை, முதல் ஆளிடம் அட்டையை நீட்டும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விடைகள் வந்த பிறகு அந்த எல்லைக்கோட்டை வரைந்தால், ஆசைப்பட்ட யோசனை எப்போதும் தேறிவிடும்.