சிற்றோடையில் முக்கோண வெட்டும் நீருயரத்தின் நுண்ணளவும்

மலைச்சரிவிலுள்ள சிற்றூர்களுக்கு ஓடை நீரைக் குழாய்வழியே கொண்டுசெல்லக் கருதும்போது, முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கோடையின் கடைசி வாரங்களில் அவ்வோடையில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதே அது. அக்காலத்தில் ஓடும் நீர் வினாடிக்கு ஒன்றிரண்டு லிட்டரே இருக்கும். இவ்வளவு சிறிய ஓட்டத்தை மிதவை விட்டு வேகம் கண்டு கணக்கிட முயல்வது பயன் தராது. ஓடையின் குறுக்கே ஒரு தகட்டை நிறுத்தி, அதில் முக்கோண வடிவில் ஒரு வெட்டு அமைத்து, நீர் முழுவதையும் அவ்வழியே விழச் செய்து அளப்பதே தக்க முறையாகும். களப்பணியாளர் இதனை 'வி-நாட்ச்' என்றே வழங்குவர்.

இம்முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் பெல்பாஸ்ட் நகரில் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் தாம்ஸன். கெல்வின் பிரபுவின் தமையனார். 1858, 1861 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்திற்கு அவர் அளித்த அறிக்கைகளில் இதன் அடிப்படை விளக்கப்பட்டுள்ளது. நீர் எவ்வளவு உயரத்தில் ஓடினாலும், முக்கோண வெட்டில் நீர்த்தாரையின் வடிவம் மாறுவதில்லை. அளவில் மட்டுமே பெருகும் அல்லது சுருங்கும். ஆகவே ஏறத்தாழ ஒரே குணகத்தை எல்லா உயரங்களுக்கும் பயன்படுத்தலாம் என்பது அவர் கண்ட சிறப்பு.

வெட்டின் அடிமுனையிலிருந்து மேல்புறத் தேக்கத்தின் நீர்மட்டம் வரையுள்ள செங்குத்து அளவை நீருயரம் என்போம். நீருயரம் கூடும்போது வெட்டின் ஆழமும் அகலமும் ஒருங்கே கூடுகின்றன. எனவே நீர் பாயும் பரப்பு உயரத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். பாயும் வேகமோ உயரத்தின் வர்க்கமூலத்திற்கேற்பப் பெருகும். இவ்விரண்டையும் பெருக்கினால் உயரத்தின் இரண்டரை அடுக்கு கிடைக்கும். செங்கோண வெட்டிற்கு, உயரத்தைச் சென்டிமீட்டரிலும் ஓட்டத்தை வினாடிக்கு லிட்டரிலும் கொண்டால், சூத்திரம் பின்வருமாறு அமைகிறது:

Q = 0.014 × H² × √H

சிறு உயரங்களுக்கு இக்குணகம் போதுமானது. 20 சென்டிமீட்டருக்கு மேல் இது ஒன்றரைச் சதவிகிதம் மிகையாகக் காட்டும். நீருயரம் இருமடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்கிற்கும் மேலாகும் என்பதை மாணவர்கள் இச்சூத்திரத்திலிருந்து தாமே கண்டுகொள்வர்.

இந்த இரண்டரை அடுக்கில்தான் இடர்ப்பாடும் அடங்கியுள்ளது. நீருயரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நேர்ந்தால், ஓட்டத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பிழை நேரும். அவ்வாறாயின் ஒன்றரை அடுக்கே உடைய நீள்சதுர வெட்டு மேலன்றோ என்று ஒருவர் வினவக்கூடும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாயிருக்கிறது. வினாடிக்கு 1.23 லிட்டர் நீர் ஒரு மீட்டர் அகலமுள்ள நீள்சதுர வெட்டின் மேல் ஓடும்போது, அதன் உயரம் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர்தான். அதில் மூன்று மில்லிமீட்டர் கூட்டிப் படித்துவிட்டால், ஓட்டம் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகத் தோன்றும். அதே நீர் செங்கோண வெட்டில் ஆறு சென்டிமீட்டர் உயரத்திற்கு எழும்பி நிற்கிறது. அங்கு அதே மூன்று மில்லிமீட்டர் பிழை 13 சதவிகிதத்தையே உண்டாக்கும். முக்கோண வெட்டு பிழையைப் பெருக்குவது உண்மையே; ஆனால் அளக்கவேண்டிய உயரத்தை அதனினும் மிகுதியாகப் பெருக்கித் தருகிறது. சிற்றோடைக்கு இது ஏற்றதாவது இக்காரணத்தாலேயே.

ஆயினும் 13 சதவிகிதம் என்பது சிறிய பிழையன்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனைக் காண்போம். 2,180 மக்கள் வாழும் சில சிற்றூர்களுக்கு ஓர் ஓடையிலிருந்து குடிநீர் தர எண்ணுகிறோம் என்று கொள்க. 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வேண்டும். ஆக மொத்தத் தேவை 1,19,900 லிட்டர். (ஓடை நீர் முழுவதையும் எடுத்துவிடுவது முறையன்று, கீழே உள்ளோர்க்கும் கால்நடைக்கும் ஒரு பங்கு விட வேண்டும். கணக்கு எளிதாயிருக்க அதனை இங்கே சேர்க்கவில்லை.) தேக்கத்தில் நாட்டிய அளவுகோலில், வெட்டின் அடிமுனைக்கு நேரான குறி 20.0 சென்டிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கடுங்கோடையில் நீர்மட்டம் 26.3இல் நிற்கிறது. நீருயரம் 6.3 என்றாகிறது. சூத்திரப்படி ஓட்டம் வினாடிக்கு 1.395 லிட்டர், ஒரு நாளைக்கு 1,20,500 லிட்டர். தேவைக்குச் சற்றே மிகுதியாயிருப்பதால், திட்டம் கூடும் என்று முடிவு செய்யப்படும்.

ஆனால் அளவுகோலைத் தாங்கும் கம்பம் வண்டல் மண்ணில் நாட்டப்பட்டு, மழைக்காலத்தில் மூன்று மில்லிமீட்டர் அமிழ்ந்திருக்குமாயின் நிலைமை வேறு. அமிழ்ந்த கோல் நீர்மட்டத்தை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். உண்மையான உயரம் 6.0, ஓட்டம் 1.235 லிட்டர், ஒரு நாளைக்கு 1,06,700 லிட்டரே. குறைவது ஏறத்தாழ 13,200 லிட்டர், அதாவது 240 பேரின் குடிநீர். குழாய் பதித்துத் தொட்டி கட்டிய பின்னர், கடைக்கோடியிலுள்ள ஊரார்தாம் இக்குறையை முதலில் உணர்வர்.

நீரலை அசைவினால் படிப்பதில் நேரும் பிழை இத்தகையதன்று. அது ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். பத்து முறை படித்துச் சராசரி கண்டால் பெரிதும் நீங்கிவிடும். தொடக்கக் குறியின் பிழையோ ஆயிரம் முறை படித்தாலும் ஒரே பக்கமாகவே இருக்கும். ஆகையால் கவனத்தில் பெரும்பகுதியை இக்குறிக்கே செலவிடுதல் வேண்டும் என்பது என் கருத்து. வெட்டின் கோணத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுவதுண்டு. அதில் ஒரு பாகை தவறினாலும் பிழை இரண்டு சதவிகிதத்திற்குள்தான். அடிமுனைக்கு மேல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டின் அகலம் 40 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

தொடக்கக் குறியைக் காண, ஓடும் நீர் மெல்லக் குறைந்து வெட்டில் நின்றுபோகும் வேளையில் அளவுகோலைப் படிப்பது சிலரது வழக்கம். இது சரியன்று. நீரின் பரப்பு இழுவிசையினால், அடிமுனைக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே ஓட்டம் நின்றுவிடும். பின்வரும் முறை நம்பத்தக்கது.

இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள நேரான குழாய்த் துண்டொன்றை வெட்டினுள் கிடையாக வைத்து, அதன் ஒரு முனை மேல்புறத் தேக்கத்தின் மேல் நீண்டிருக்கச் செய்க. ரசமட்டம் வைத்து அது கிடையாயிருப்பதைச் சரிபார்க்க வேண்டும். செங்கோண வெட்டில் குழாயின் மேற்பரப்பு, அடிமுனைக்கு மேலே விட்டத்தைப் போல் 1.207 மடங்கு உயரத்தில் நிற்கும், இங்கே 2.4 சென்டிமீட்டர். அடிமுனை அரத்தால் சற்று மழுங்கியிருந்தாலும் இம்முறையில் கேடில்லை. குழாய் இருபக்கச் சாய்வுகளின் மேல் தங்குகிறதே அன்றி முனையைத் தொடுவதில்லை. அடுத்து, ஓடையை மேலே சிறு மண்வரப்பிட்டு அரைமணி நேரம் விலக்கிவிட்டு, தேக்கத்து நீரை அடிமுனைக்குக் கீழே இறக்கி அசையாது நிற்கச் செய்க. ஒருவர் குழாயின் மேற்பரப்பிலிருந்து நீர்ப்பரப்பு வரை அளக்க, அதே கணத்தில் மற்றொருவர் அளவுகோலைப் படிக்க வேண்டும். மேற்கூறிய ஓடையில், குழாயிலிருந்து நீர் வரை 4.9 சென்டிமீட்டரும், அளவுகோலில் 17.8உம் கிடைத்தன என்க. 4.9இல் 2.4 போக, அடிமுனை நீருக்கு மேல் 2.5 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஆகவே அதன் உண்மைக் குறி 20.3, பதிவேட்டில் உள்ள 20.0 அன்று.

இதனை வேறொரு வழியாலும் உறுதி செய்துகொள்ளலாம். இருபது லிட்டர் வாளியை நீர்த்தாரையின் கீழ் வைத்து நிரம்பும் நேரத்தைக் காண்க. ஓட்டம் 1.395 லிட்டராயின் 14.3 வினாடியும், 1.235 லிட்டராயின் 16.2 வினாடியும் ஆகும். இரண்டு வினாடி வேறுபாட்டைச் சாதாரணக் கடிகாரமே காட்டிவிடும். ஐந்து முறை செய்தால் ஐயத்திற்கு இடமிராது. வாளி விளிம்புவரை கொள்ளும் அளவைக் கடைக்காரர் சொல்லை நம்பாது, லிட்டர்ப் படியால் அளந்துகொள்ள வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் தகர வெட்டு ஒன்றைக்கொண்டு இச்சோதனையை நடத்தி, இரண்டரை அடுக்கு விதியை மாணவர்க்குக் காட்டலாம்.

குறி சரியாயிருந்தும் உயரம் பொய்யாகக் காட்டும் சமயங்கள் உண்டு. அளவுகோலை வெட்டின் அருகிலேயே நாட்டினால், விழப்போகும் நீரின் தாழ்ந்த பரப்பையே அது அளக்கும். மிகுதியாக எதிர்பார்க்கும் நீருயரத்தைப் போல் நான்கு மடங்கு தொலைவில் அதனை மேல்புறமாக நாட்டுவது நன்று. உயரம் ஆறு சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால், நீர்த்தாரை தகட்டைவிட்டு விலகி விழாமல் அதன்மேல் ஒட்டி வழியத் தொடங்கும். அந்நிலையில் சூத்திரம் பொருந்தாது, வாளியே துணை.

எல்லாவற்றினும் மிகுதியாகத் தொல்லை தருவது உதிர்ந்த இலைதான். அடிமுனையில் ஓர் இலை சிக்கி நீர்மட்டத்தை ஆறிலிருந்து ஏழு சென்டிமீட்டராக உயர்த்திவிட்டால், ஓட்டம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கானதாகக் கணக்கில் ஏறும். நீர்மட்டத்தைத் தானே பதியும் கருவி இருக்குமிடத்தில் இதனை அடையாளம் காண்பது எளிது. மழையினால் வரும் நீர் விரைவில் ஏறி மெல்ல இறங்கும். குப்பை சேரும்போது மட்டம் மெல்ல மெல்ல ஏறி, அது அடித்துச் செல்லப்பட்ட கணத்தில் சட்டென்று விழும். மழையில்லாத நாளில் அத்தகைய வளைவு காணப்பட்டால், ஏற்றம் தொடங்கியது முதல் வீழ்ச்சி வரையுள்ள பதிவுகளை நீக்கிவிட வேண்டும்.

அமிழ்ந்த கம்பத்திற்கு இவ்வாறு சுவடு எதுவும் பதிவில் இராது. மூன்று மில்லிமீட்டரும் ஒரே இரவில் இறங்கியிருக்கலாம், ஒரு பருவம் முழுவதும் சிறிது சிறிதாகவும் இறங்கியிருக்கலாம். ஆதலால் குறி சோதிக்கப்பட்ட நாளையும் அன்று கண்ட அளவையும் பதிவேட்டில் தனியே எழுதிவர வேண்டும். புதிய அளவு வேறுபட்டதாயின், முந்திய சோதனைக்கும் இதற்கும் இடைப்பட்ட அளவுகளைத் திருத்த முயலாது, இரு குறிகளுக்கும் தனித்தனியே ஓட்டத்தைக் கணக்கிட்டு இரண்டையும் எழுதி வைத்து, திட்டத்திற்குக் குறைந்த அளவையே கொள்க.